நிற்காத வேலை

குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு மெஷின் செய்யும் ஒரு பட்டறையில் நானும் என் நண்பனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். எனக்கு இருபது வயது, அவனுக்கு இருபத்தொன்று. இருவரும் கோயம்புத்தூரில் ஒரே ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவர்கள். மேனேஜர் எங்கள் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீ புது மெஷின் செக்‌ஷனுக்குப் போ" என்று அவனிடமும், "நீ சாணை ஷெட்டுக்குப் போ" என்று என்னிடமும் சொன்னார். யோசித்துச் சொன்ன மாதிரி தெரியவில்லை. மேலே இருந்த காகிதம் அவனுடையது, அவ்வளவுதான்.

புது மெஷின் செக்‌ஷன் பட்டறையின் முன்பக்கம், பெரிய கூரையின் கீழ் இருந்தது. இலையை அரைக்கும் இயந்திரங்களை அங்கேதான் செய்து, பச்சை பெயிண்ட் அடித்து, லாரியில் ஏற்றினார்கள். சாணை ஷெட் பின்பக்கம், ஓடையை ஒட்டி இருந்தது. அரைக்கும் இயந்திரத்தில் இரண்டு எஃகு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும். அவற்றின் பற்கள்தான் இலையைக் கிழித்துச் சுருட்டும். பத்துப் பதினைந்து நாள் ஓடினால் பல் மழுங்கிவிடும். தொழிற்சாலைக்காரர்கள் மழுங்கிய ரோலரைக் கழற்றி எங்களுக்கு அனுப்பிவிட்டு, கூராக்கி வைத்திருப்பதை எடுத்துப் போவார்கள். ரோலரைக் கடைந்து, பழைய பல்லை எடுத்துவிட்டு, புதிய பல் வெட்டுவதுதான் எங்கள் வேலை. எஃகுத்தூள் மூக்கில் ஏறும். சாயங்காலம் சளியைத் துப்பினால் கறுப்பாக வரும்.

அவனுக்கு ஓவர்டைம் உண்டு. ஒவ்வொரு மெஷினுக்கும் ஊக்கத்தொகை உண்டு. மெஷினை மாட்டிக்கொடுக்க அஸ்ஸாம் வரைக்கும் ரயிலில் போய் வந்தான். எனக்கு மாதச் சம்பளம் மட்டும்தான். தீபாவளிக்கு அவன் தோல் ஜெர்கின் வாங்கினான். நான் அப்பாவின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மேலே இருந்த காகிதம் என்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா என்று ஆறு வருடம் மனதுக்குள் புகைந்துகொண்டிருந்தேன்.

ஆறாவது வருடம் அவன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அவனுடைய செக்‌ஷனிலேயே ஒருவன் கேட்டிருந்தான்; என்னைவிட ஒன்றரை மடங்கு வாங்குகிறவன். என் நண்பனின் அப்பா ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அரைவைப் பிரிவில் ஆயுசு முழுக்க நின்றவர். அவர் என்னைக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அப்பாவுக்கே ஆச்சரியம்.

"ஏனுங்க, அந்தப் பையன் நல்லாச் சம்பாதிக்கிறான்னு கேள்விப்பட்டனே?" என்றார் அப்பா.

"சம்பாதிக்கிறானுங்க. ஆனா புது மெஷின் வாங்கறது மொதலாளி இஷ்டமுங்க. வெலை எறங்குச்சுன்னா அடுத்த வருசம் பார்த்துக்கலாம்னு பழசையே ஓட்டிக்குவான். சாணை அப்பிடி இல்லீங்க. செடிக்கு வெலை தெரியுமுங்களா? அது பாட்டுக்குத் துளிர்க்குது, பறிச்சுத்தான் ஆவோணும், அரைச்சுத்தான் ஆவோணும். அரைச்சா பல்லு மழுங்கும். உங்க பையன் வேலை நிக்காதுங்க."

அந்தப் பேச்சில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. நண்பன் மச்சான் ஆனான். அவன் என்னை அன்றிலிருந்து மாப்ள என்று கூப்பிட்டான்.

இரண்டு வருடம் கழித்து முதல் அடி விழுந்தது. அதுவரை எங்கள் மலைத் தேயிலையில் பெரும்பகுதி ரஷ்யாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே வாங்குவது நின்றதும் ஏலத்தில் விலை சரிந்தது என்று கேள்விப்பட்டோம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் ஷெட்டில் ரோலர்கள் வழக்கம்போல வந்து இறங்கிக்கொண்டிருந்தன. சொல்லப்போனால் கூடுதலாகவே வந்தன. விலை போனதும் எடையாவது வரட்டும் என்று விவசாயிகள் முற்றின இலையையும் சேர்த்துப் பறித்தார்கள். முற்றின இலை பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும்.

முன்பக்கத்தில் என்ன நடந்தது என்பதை இப்போது வரிசையாகச் சொல்ல முடிகிறது. அன்று கண்ணெதிரே நடந்தும் எனக்குத் தெரியவில்லை. முதலில் ஓவர்டைம் நின்றது. பிறகு கான்ட்ராக்ட் ஆட்களைக் காணோம். பிறகு சனிக்கிழமை லீவு என்றார்கள். செய்து முடித்த நான்கு மெஷின்கள் எடுப்பாரில்லாமல் முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கேட்டுக்குப் பக்கத்து நோட்டீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இருபத்திரண்டு டோக்கன் எண்கள். எல்லாமே முன்பக்க ஆட்கள். ஒவ்வொரு செக்‌ஷனிலும் கடைசியில் சேர்ந்தவர்களிலிருந்து ஆரம்பித்து மேலே எண்ணிக்கொண்டு வந்திருந்தார்கள். எட்டு வருட சர்வீஸ் உள்ள என் மச்சானின் எண் பட்டியலின் கடைசி. இன்னும் ஒரு ஆள் குறைவாக எடுத்திருந்தால் தப்பியிருப்பான்.

நான் தாளைப் படித்துக்கொண்டு நின்றபோது அவன் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தான். தன் எண்ணைப் பார்த்துவிட்டு, "இது நான்தானே மாப்ள?" என்று கேட்டான். ஒரே நாளில் சேர்ந்தவர்கள் என்பதால் என் டோக்கன் அவனுடையதற்கு அடுத்த எண். அந்த எண்ணை நானே பலமுறை தேடினேன். இல்லை.

அன்று காலை அவன் கேட்டிலிருந்து கீழே இறங்கிப் போனான். நான் உள்ளே போய் மெஷினைப் போட்டேன். ஒரு ரோலரில் பல்லின் ஆழத்தைத் தவறவிட்டேன். எட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது, அவனுடைய தங்கை கட்டிக்கொடுத்த சோற்றை நான் இங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறேன், அவன் எங்கே இருப்பான் என்று தோன்றியது. மூடிவைத்துவிட்டேன்.

வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம், அதோடு ஒரு மாத நோட்டீஸ் சம்பளம் கொடுத்தார்கள். ஐந்து மாதம் சும்மா இருந்துவிட்டு அவன் கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் சேர்ந்தான். விலை திரும்ப ஏறியபோது பட்டறையிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள், வந்தான். வந்தவன் பழைய ஆள் இல்லை. ஜெர்கின் வாங்குகிற கை நின்றுவிட்டது. ஓவர்டைம் பணத்தை வீட்டுச் செலவில் கலக்காமல் தனியாக வைத்தான். பம்பு கம்பெனியில் கற்றுக்கொண்ட வெல்டிங்கையும் வரைபடம் படிப்பதையும் விடாமல் பார்த்துக்கொண்டான். சொந்த வீடு கட்டு என்று மாமனார் சொன்னபோது, "வேண்டாமுங்கப்பா, நான் எந்த ஊர்ல இருப்பேன்னு எனக்கே தெரியாது" என்றான்.

நான் கட்டினேன். பேங்கில் என் சர்வீஸைப் பார்த்துவிட்டு இருபது வருடக் கடனுக்கு உடனே சம்மதித்தார்கள். மகள் பிறந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நடுவில் இன்னொரு சரிவு வந்தது, முன்னதைவிட நீளமானது. பச்சை இலைக்கு விலையே இல்லை என்று விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். மச்சானின் எண் மறுபடியும் பலகையில் ஏறியது. இந்தத் தடவை ஒன்பது மாதம் வேலையில்லாமல் இருந்தான். பிறகு கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலை மெஷின் கம்பெனிக்குப் போனான். கம்ப்யூட்டரில் ஓடும் லேத்தை அங்கேதான் கற்றான். சில வருடம் கழித்து எங்கள் பட்டறைக்கே ஃபோர்மேனாகத் திரும்பினான்.

அந்த இரண்டாவது சரிவிலும் என் ஷெட்டில் ஒரு நாள்கூட விளக்கு அணையவில்லை. புதிய ரோலர் வாங்கப் பணமில்லாத தொழிற்சாலைக்காரர்கள், பழையதையே தேய்த்துத் தேய்த்து கடைசி அங்குலம் வரைக்கும் சாணை பிடிக்கச் சொன்னார்கள். எனக்கு ஒரு கர்வம் வந்துவிட்டது. அதை ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. மச்சான் கஷ்டப்பட்டபோது அவன் வீட்டுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மனதுக்குள் மாமனாரின் பேச்சு ஓடும். உங்க பையன் வேலை நிக்காதுங்க.

ஒருமுறை அவன் சொன்னான்: "மாப்ள, சாயங்காலம் ரெண்டு மணிநேரம் என்ற செக்‌ஷனுக்கு வா. கம்ப்யூட்டர் லேத்தைச் சொல்லித் தர்றேன்."

"எனக்கு எதுக்குடா? நான் என்ன உன்னை மாதிரி ஊர் ஊராப் போறவனா?"

அவன் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். அதன் பிறகு கேட்கவில்லை.

நான் சேர்ந்து இருபத்தெட்டு வருடம் ஆனபோது விலை நன்றாக ஏறியது. இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து ஏறியது. தொழிற்சாலைக்காரர்கள் புதுக் கார் வாங்கினார்கள். முன்பக்கத்தில் இரண்டு ஷிப்ட் ஓடியது. என் ஷெட்டிலும் ரோலர்கள் குவிந்தன. பட்டறையை இப்போது முதலாளியின் மகன், நாங்கள் சின்னவர் என்று சொல்கிறவர், பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார். அவர் ஒருநாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வரைபடக்காரரை அழைத்து வந்து என்னிடம் விட்டார்.

"அண்ணா, இவருக்கு உங்க மெஷினைப் பத்தி எல்லாம் சொல்லுங்க. என்னென்ன குறைன்னு கேட்டுக்கட்டும்."

அந்த மனிதர் இரண்டு வாரம் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பழைய மெஷினை மாற்றிப் புதிதாக ஒன்று எனக்குச் செய்து தரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருடமாக யாரும் என்னிடம் என் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. கொட்டித் தீர்த்துவிட்டேன். மெஷின் படுகையின் காடிப் பள்ளத்தில் எஃகுத்தூள் சேர்கிறது, மூடி வேண்டும் என்றேன். பல் வெட்டும் கட்டரை மாற்ற மூன்று ஸ்பேனர் தேவைப்படுகிறது, ஒன்றே போதும்படி செய்யலாம் என்றேன். காப்புத்தகடு வலது பக்கம் திறப்பதால் ஒவ்வொரு தடவையும் கை குறுக்கே போகிறது, இடது பக்கம் திறந்தால் நல்லது என்றேன். அவர் ஒன்று விடாமல் நோட்டில் எழுதினார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவளுக்கும் பெருமைதான்.

ஏழெட்டு மாதம் போனது. ஒருநாள் காலை ரோலரின் நேர்த்தியைப் பார்க்கும் டயல் கேஜ் உடைந்துபோய், முன்பக்கத்தில் இரவல் வாங்கிவரலாம் என்று போனேன். பெயிண்ட் அடிக்கும் கூரையின் கீழ் மெஷின்கள் வரிசையாக நின்றன. அரைவை மெஷின்தான் என்று நினைத்துக் கடந்து போனவன், நின்றுவிட்டேன். உயரம் சரியாக இல்லை. ஒரு மெஷினின் தார்ப்பாய் பாதி விலகியிருந்தது. காப்புத்தகடு இடது பக்கம் திறந்தது.

தார்ப்பாயை முழுக்க இழுத்தேன். என் மெஷின். படுகைக் காடிக்கு மூடி போட்டிருந்தது. கட்டருக்கு ஒரே ஸ்பேனர் போதும். பதினொன்று நின்றன. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் எந்தத் தொழிற்சாலைக்குப் போகிறது என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு நடந்தேன். எல்லாம் எனக்குத் தெரிந்த பெயர்கள். அந்தப் பெயர்களைத்தான் இருபது முப்பது வருடமாக ரோலர் முனையில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ரோலர் அனுப்பிக்கொண்டிருந்த தொழிற்சாலைகள்.

ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். காதுக்குள் ஒரு இரைச்சல். பக்கத்தில் கிரைண்டர் ஓடியிருக்க வேண்டும். எனக்கு அது தூரத்தில் எங்கோ மழை பெய்வதைப் போலக் கேட்டது. மச்சான் ஓடிவந்தான்.

"என்ன மாப்ள, மயக்கமா?"

"இதெல்லாம் யாருக்குடா?"

"ஃபேக்டரிக்காரங்களுக்குத்தான். அவங்கவங்க எடத்துலயே சாணை பிடிச்சுக்கலாம்னு. ரோலரை லாரியில ஏத்தி எறக்கி, ரெண்டு நாள் காத்துக் கெடக்க வேண்டாம் பாரு. இப்பக் கையில காசு இருக்குது, வாங்கறாங்க." சொல்லிக்கொண்டே வந்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "உனக்குத் தெரியாதா? நீதான எல்லாம் சொல்லிக் குடுத்ததுன்னு சின்னவர் சொன்னாரு?"

"நீ செஞ்சயா?"

"ஆர்டர் வந்துச்சு மாப்ள. செஞ்சேன்."

"பதினொண்ணும்?"

"இன்னும் ஒம்பது இருக்குது" என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

டயல் கேஜ் வாங்காமலே திரும்பினேன். எனக்கு அன்று புரியாமல் போனது ஒன்றுதான். இரண்டு சரிவையும் தாண்டி வந்தவன் நான். விலை விழுந்தால் வேலை போகும் என்பதை மச்சானைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தேன். விலை ஏறியதால் ஒருவனுடைய வேலை போகும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கையில் பணம் இல்லாத வரைக்கும் அவர்கள் என்னிடம்தான் வந்தாக வேண்டியிருந்தது. பணம் வந்ததும் என்னையே ஒரு மெஷினாக வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ரோலர் வரத்து ஒரேயடியாக நிற்கவில்லை. ஒவ்வொரு தொழிற்சாலையாக நின்றது. வாரத்துக்கு நாற்பது வந்த இடத்தில் முப்பது, பிறகு பதினெட்டு. ஷெட்டில் ஒன்பது பேர் இருந்தோம். ஒன்றரை வருடத்தில் ஐந்து பேரை முன்பக்கத்துக்கு மாற்றினார்கள். எல்லாரும் நாற்பதைத் தாண்டாதவர்கள். மீதி நான்கு பேரைச் சின்னவர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். டீ கொடுத்தார். கணக்கு முடித்துத் தருகிறோம் என்றார். சீனியர் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. செக்‌ஷனே போகும்போது சீனியருக்கு என்ன மரியாதை?

எனக்கு அப்போது ஐம்பத்தொன்று. வீட்டுக் கடன் மூன்று வருடம் பாக்கி. மகள் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம்.

வேலை தேடுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். வாழ்நாளில் ஒருமுறைதான் வேலை கேட்டிருக்கிறேன். அதுவும் முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரிக்கு என் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கும். என்னென்ன மெஷின் ஓட்டுவீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். ரோலர் சாணை என்றேன். தேயிலைக்கு வெளியே அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் லேத் முன்னால் நிறுத்தினார். திரையைப் பார்த்தேன். எந்தப் பட்டனிலும் கை வைக்கவில்லை. "பரவாயில்லீங்க சார், சொல்லி அனுப்பறோம்" என்றார். அவர் என்னை சார் என்று சொன்னதுதான் தாங்க முடியவில்லை.

பத்து மாதம் அப்படியே போனது. என் மனைவி ஊட்டியில் வர்க்கி பிஸ்கட் போடும் பேக்கரியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் மாவு வாசனையோடு திரும்புவாள். பகலில் நான் வீட்டில் தனியாக இருந்தேன். பட்டறைச் சங்கு ஊதும் நேரத்தில் எல்லாம் உடம்பு தானாக எழுந்து நிற்கும்.

அந்த மாதங்களில் மச்சானோடு நான் பேசவில்லை. அவன் போன் செய்தால் எடுக்கவில்லை. என் மனைவி இரண்டு பக்கமும் பேச முடியாமல் தவித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அவன் நேராக வந்துவிட்டான். அவள் கதவைத் திறந்தாள். நான் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. அவன் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே பேசினான்.

"மாப்ள, ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன். நான் செய்யலீன்னா இன்னொரு பட்டறைக்காரன் செஞ்சிருப்பான். அதுக்காக வரல. உன்ட்டச் சொல்லாத விட்டது தப்பு. உனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். சத்தியமா."

அவன் நாற்காலியைக் கதவுப் பக்கம் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"நீ என்னைப் பத்தி என்ன நெனச்சுட்டு இருந்தயோ தெரியாது. மொதல் தடவை வெளிய போயிட்டு வந்தேன் பாரு, அன்னையிலிருந்து இன்னைக்கு வரைக்கும் ஆர்டர் புக்கைப் பார்க்காத ஒரு நாள் நான் ஊட்டுக்குப் போனதில்ல. கையில எத்தனை மாச ஆர்டர் இருக்குதோ அத்தனை மாசந்தான் எனக்கு வேலை. ஆறு மாசம் இருந்தா தூக்கம் வரும். மூணுக்கு வந்துட்டா வராது. ஓவர்டைம் காசு வாங்கறப்பல்லாம் இது அடுத்த அடிக்குன்னு எடுத்து வைப்பேன். இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. நீ அரிசி கொண்டாந்து குடுப்ப. உன்னைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கும் மாப்ள. இவன் ராத்திரி நிம்மதியாத் தூங்கறானேன்னு."

நான் எழுந்து கூடத்துக்கு வந்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான். ஜெர்கின் போட்டுக்கொண்டு அஸ்ஸாமுக்குப் போய் வந்தவன், எதற்கும் கவலைப்படாதவன் என்று நான் நினைத்து வைத்திருந்த ஆள் அவன் இல்லை. முப்பது வருடத்தில் பெரும்பகுதி ஒரே கேட்டுக்குள் வேலை பார்த்திருக்கிறோம். எனக்கு அவன் பயம் தெரியவில்லை. அன்று எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சி, பதினொரு மெஷினைப் பார்த்த அதிர்ச்சிக்குக் குறைந்ததில்லை.

"காப்பி குடிச்சுட்டுப் போடா" என்றேன். என் மனைவி அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வரவில்லை.

நான்கு மாதம் கழித்து அவனே வேலைக்கு வழி சொன்னான். கூடலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை அந்தச் சாணை மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டத் தெரியாமல் தவித்தது. பல்லின் கோணம் தவறி, இலை சுருளாமல் தட்டையாக வந்தது. ஏலத்தில் விலை விழுந்தது. மெஷின் சரியில்லை என்று பட்டறையோடு சண்டைக்கு நின்றார்கள். மச்சான் போய்ப் பார்த்துவிட்டு, மெஷின் மேல் குற்றமில்லை, ஆள்தான் இல்லை என்று சொல்லி என்னைப் பற்றிப் பேசியிருக்கிறான்.

முதல்நாள் அவனும் கூட வந்தான். அந்தத் தொழிற்சாலையின் சூப்பர்வைசர் மலையாளம் கலந்து பேசுகிறவர். "சேட்டா, இதொன்று சரியாக்கித் தந்தால் மதி, அது போதும்" என்று தார்ப்பாயை எடுத்தார். நான் செய்யச் சொன்ன மூடி, நான் சொன்ன ஸ்பேனர், நான் சொன்ன பக்கம் திறக்கும் காப்பு. கையை வைக்கவே ஒரு நிமிடம் ஆனது. பிறகு ஓட்டினேன். அருமையான மெஷின். அதைச் சொல்லத்தான் வேண்டும். அதுவும் எனக்கு ஒரு அதிர்ச்சிதான். கை குறுக்கே போகாமல் நான் பல் வெட்டியது அன்றுதான் முதல் தடவை.

வேலை கிடைத்தது. பட்டறையில் வாங்கியதைவிடச் சம்பளம் குறைவு. வாரம் முழுக்க அங்கே தொழிலாளர் லைன் வீடுகளில் ஒரு அறை, ஞாயிற்றுக்கிழமை வீடு. வீட்டுக் கடன் இரண்டு வருடம் தாமதமாக முடிந்தது. மகள் படித்து முடித்து வேலைக்குப் போனாள். மனைவி பேக்கரி வேலையை விடவில்லை. நான் விடச் சொன்னபோது, "ரெண்டு கால்ல நின்னா விழமாட்டமுங்க" என்றாள்.

போன வருடம் மச்சான் ஓய்வு பெற்றான். பிறகு என்னைப் பார்க்கக் கூடலூர் வந்தவன், தொழிற்சாலைக்கு எதிரே இருந்த கடையில் டீயும் பழம்பொரியும் சொல்லிவிட்டு, திடீரென்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். தன் நாற்பது வருடத்தில் சம்பளமே இல்லாமல் இருந்த மாதங்கள். முதல் சரிவில் ஐந்து. இரண்டாவதில் ஒன்பது. கொரோனா வந்தபோது இரண்டு.

"பதினாறு" என்றான். "உனக்கு?"

எனக்கு எண்ண வேண்டிய அவசியமே இல்லை. "பதினாலு."

நிற்காத வேலை என்று பெண் கொடுத்தார்கள். நிற்காத வேலை என்று பேங்கில் கடன் கொடுத்தார்கள். மொத்தத்தில் வித்தியாசம் இரண்டு மாதம்.

"எனக்குக் கொஞ்சங் கொஞ்சமா வந்துச்சு மாப்ள" என்றான் அவன். "இருவத்தொம்பது வயசுல ஒருதரம் வந்துச்சு. பயந்தேன், கத்துக்கிட்டேன். உனக்கு ஐம்பத்தொண்ணுல மொத்தமா வந்துருச்சு."

நான் நிம்மதியாகத் தூங்கிய வருடங்கள் பொய் இல்லை. மகள் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தாள்; அவன் பிள்ளைகள் மூன்று பள்ளிக்கூடம் மாறினார்கள். அதை அவனும் சொன்னான். ஆனால் தூங்கியதற்கு நான் என்ன கொடுத்தேன் என்பது இன்றைக்கும் நினைத்தால் திடுக்கென்கிறது. அவன் தினமும் பார்த்த ஆர்டர் புக்கை நான் முப்பத்தொரு வருடத்தில் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அந்த இருபது மெஷின்களும் அதில் எழுதியிருந்திருக்கும்.

இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் இலை வாங்கும் கிளார்க்கிடம் போய், எத்தனை பேர் இலை கொண்டுவந்து போடுகிறார்கள் என்று கேட்கிறேன். என்ன இவருக்கு இதெல்லாம் என்பதுபோல அவர் பார்ப்பார். போன திங்களன்று, நிறைய இலை போட்டுக்கொண்டிருந்த மூன்று பேர் செடியைப் பிடுங்கிவிட்டார்கள் என்றார். ஒருவர் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டேஜ் கட்டுகிறார், இருவர் நிலத்தை விற்றுவிட்டார்கள். விலை விழுந்தால் மறுபடி ஏறும், அதை நான் பார்த்திருக்கிறேன். பிடுங்கின செடி திரும்ப வராது. இலை இல்லாவிட்டால் எந்த ரோலர் மழுங்கும்? எனக்கு அறுபது முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

மத்தியானம் மனைவிக்குப் போன் செய்து சொன்னேன். பின்னால் பேக்கரியில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

"மத்தவங்க எத்தனை நாளைக்குப் போடுவாங்கன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். இந்த சீசன் முழுக்கப் போடுவாங்களாம்."

"சரிங்க. அடுத்த வாரமும் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.